பனியன் துணிக்கு ஸ்டாண்டர்ட் யார் வைப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், ஒரு யோசனை வேண்டும். கட்டிங் வேஸ்டே இல்லை என்ற கணக்கில் டி-ஷர்ட்டுக்கு 175 கிராம் துணி என்று முதலாளி ஸ்டாண்டர்ட் வைத்துவிட்டார், ஆனால் நடப்பில் 195 போகிறது. 10,000 பீஸுக்கு 200 கிலோ கூடுதல், கிலோ 400 ரூபாய் என்றால் 80,000 பாதக வேறுபாடு. மாதாமாதம் இதே கதை என்பதால் கட்டிங் மாஸ்டர் இப்போது ரிப்போர்ட்டைத் திறப்பதே இல்லை (அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை). சரி, எட்டக்கூடிய அளவு சொல்லுங்கள் என்றால் 205 என்கிறார், அதில் பத்து கிராம் அவருடைய பாதுகாப்புக்கு. மார்க்கர் போடுபவர், பர்ச்சேஸ், மாஸ்டர் மூவரையும் உட்காரவைத்து, சில லேக்களை எடைபோட்டுப் பார்த்து முடிவு செய்யலாமா? கடைசி வார்த்தை யாருடையதாக இருக்க வேண்டும்? உங்கள் யூனிட்டில் எப்படி?