புதுப்பிப்பு: தமிழுக்கு அடியில் சிவப்புக் கோடு

"ஃபயர்பாக்ஸில் எழுதும் பெட்டியில் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு விழுகிறது. எப்படி நீக்குவது?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

எழுத்துருவை மாற்றச் சொன்ன நண்பரே, மாற்றினேன். எழுத்து அழகானது, கோடு அப்படியே இருந்தது. "எந்த அகராதி என்று பாருங்கள்" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. பெட்டிக்குள் வலது சொடுக்கி Languages பகுதியைத் திறந்தேன். ஆங்கிலம் மட்டுமே இருந்தது. ஆங்கில அகராதிக்குத் தமிழ் முழுவதும் பிழைதானே! அங்கேயே Add Dictionaries வழியாகத் தமிழ் அகராதியை நிறுவி, இரண்டையும் தேர்ந்தெடுத்தேன்.

"வீடு" தப்பியது. "வீட்டிலிருந்துதானே" மீண்டும் சிவந்தது. உருபும் இடைச்சொல்லும் ஒட்டி வரும் வடிவங்களை எந்தப் பட்டியலில் அடக்குவது? Add to Dictionary கொடுத்தால் அந்த ஒரு வடிவம் மட்டும் அடங்குகிறது. "வீட்டிலிருந்தாவது" என்றால் மறுபடியும் கோடு. "பள்ளி" என்பதற்குப் பதில் "பல்லி" என்று எழுதினாலோ கோடே விழாது, இரண்டும் சொற்கள் அல்லவா.

எனவே நீண்ட கட்டுரைக்கு Check Spelling குறியை எடுத்துவிடுகிறேன். ஆங்கிலப் பிழைகளும் அப்போது தப்பிவிடுகின்றன. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

கைபேசியில் சொல் தானாக மாறுகிறது என்ற அக்காவுக்கு: அது விசைப்பலகைச் செயலியின் வேலை, அதன் அமைப்புகளில் பாருங்கள்.