ஆடு புலி ஆட்டம்: பிளே ஸ்டோரில் தேடினால் வரவில்லை, சொற்பட்டியல் சேர்த்ததும் மறுப்பு வந்தது. உதவி தேவை

அல்சூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பகலில் அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் தனியாளாக ஆடு புலி ஆட்டத்தைக் கைபேசி விளையாட்டாகச் செய்து, ஆறு மாதங்களுக்கு முன் பிளே ஸ்டோரில் வெளியிட்டேன். பலகை எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தரையில் செதுக்கியிருப்பதேதான். மூன்று புலி, பதினைந்து ஆடு.

கடைப் பக்கம் இரண்டு மொழிகளில் இருக்கிறது. இயல்புநிலை மொழி ஆங்கிலம். அதில் தலைப்பு `Goat and Tiger Strategy`. தமிழ்ப் பக்கத்தில் தலைப்பு "ஆடு புலி ஆட்டம்". தமிழில் குறுவிளக்கம் இது: "பாரம்பரியமும் புதுமையும் கைகோக்கும் ஓர் இனிய பொழுதுபோக்கு அனுபவம்". கடந்த 28 நாட்களில் பக்கத்துக்கு வந்தவர்கள் 340 பேர், நிறுவியவர்கள் 41 பேர். சிவாஜி நகரில் இருக்கும் என் சித்தப்பா மகன் தன் கைபேசியில் `aadu puli` என்று தட்டிப் பார்த்தபோது என் விளையாட்டு கண்ணில் படவே இல்லை.

அதனால் முழு விளக்கத்தின் கடைசியில், மக்கள் எப்படியெல்லாம் எழுதித் தேடக்கூடுமோ அத்தனையையும் காற்புள்ளி இட்டு அடுக்கினேன்: `aadu puli aattam, adu puli attam, aadupuli, puli attam, goat tiger game, bagh chal, tiger trap`. இரண்டே நாளில் விவரங்கள் கொள்கைக்கு முரணாக உள்ளன என்று மாற்றம் மறுக்கப்பட்டது. அந்தப் பட்டியல்தான் காரணமா? அது இல்லாமல் தேடலில் வருவதற்கு என்ன வழி? புதுப்பிப்புக் குறிப்பில் இந்தச் சொற்களை எழுதலாமா?

மாட்டுங்கா_வாசி

நண்பரே, சொற்களை விளக்கத்தில் எழுதியதுதான் தவறு. அதற்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது. 100 எழுத்து வரை கொள்ளும். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் எழுதினால் இன்னும் இரண்டு மூன்று சொற்கள் அடங்கும். தலைப்பில் உள்ள சொல்லை அங்கே மறுபடி எழுத வேண்டாம். பயனர் கண்ணுக்கு அது தெரியாது என்பதால் பட்டியலாக இருப்பதில் பிழையில்லை. மும்பையில் நாங்கள் மூவர் சேர்ந்து வெளியிட்ட சொல் விளையாட்டுக்கு அப்படித்தான் செய்தோம்.

மல்லேஸ்வரம்_அக்கா

மாட்டுங்கா நண்பர் சொல்லும் பெட்டி ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் உள்ளது. அங்கே அவர் சொன்னது முழுக்கச் சரி. பிளே ஸ்டோரில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. இங்கே தேடல் தலைப்பையும், குறுவிளக்கத்தையும், முழு விளக்கத்தையும் படித்துத்தான் விளையாட்டைப் புரிந்துகொள்கிறது. கன்சோலில் குறிச்சொற்கள் என்று ஒன்று உண்டு என்றாலும், அவர்கள் தரும் பட்டியலிலிருந்து ஐந்து வரை தேர்ந்தெடுக்கலாமே தவிர, நம் சொல்லை எழுத முடியாது.

தம்பி, மறுப்புக்குக் காரணம் அந்தப் பட்டியல்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாக்கியமாக அமையாமல் வெறும் சொற்களாக அடுக்குவதையும், ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதுவதையும் கொள்கை வெளிப்படையாகத் தடுக்கிறது. அதில் `bagh chal` சேர்த்தது இன்னொரு சிக்கல். அது நேபாளத்து ஆட்டம். நான்கு புலி, இருபது ஆடு, கட்டமும் வேறு. அதைத் தேடி வந்தவர் உங்கள் பலகையைப் பார்த்ததும் ஏமாந்து ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

ஆனால் தேடலில் வராததற்கு அந்தப் பட்டியல் இல்லாதது காரணமன்று. உங்கள் சித்தப்பா மகனின் கைபேசி எந்த மொழியில் இருக்கிறது? அவரிடம் கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லி, "ஆடு புலி" என்று தமிழில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றி `aadu puli` என்று தட்டட்டும். இரண்டையும் எழுதுங்கள், பேசுவோம். உங்கள் சொந்தக் கைபேசியில் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே நிறுவியிருப்பதால் அது சரியான சாட்சி ஆகாது.

கரோல்பாக்_ஆசிரியை

எனக்கும் இப்படி ஒரு மறுப்பு வந்தது. டெல்லியில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து கற்பிக்கும் ஒரு விளையாட்டை வைத்திருக்கிறேன். தலைப்பில் "இலவசம்" என்று போட்டிருந்தேன். விலை, தரவரிசை போன்றவற்றைத் தலைப்பில் எழுதக் கூடாது என்ற விதி 2021 முதல் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் படவுருவில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், ஒருவேளை அதனால் இருக்கலாம்.

அல்சூர்க்காரன்

படவுருவில் புலி முகம் மட்டுமே இருக்கிறது, அம்மா. எழுத்து ஏதும் இல்லை.

அக்கா, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தோம். தமிழில் வைத்துத் தமிழில் தேடியபோது ஐந்தாவதாக வந்தது. ஆங்கிலத்தில் வைத்து `aadu puli` தட்டினால் பக்கம் பக்கமாகத் தள்ளியும் வரவில்லை. அவர் கைபேசி எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்குமாம். என்னுடையதும் அப்படித்தான், இப்போதுதான் உறைக்கிறது.

மல்லேஸ்வரம்_அக்கா

கோளாறு அங்கேதான் இருக்கிறது. கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவருக்குக் காட்டப்படுவது உங்கள் ஆங்கிலப் பக்கம். தேடலும் அந்தப் பக்கத்துச் சொற்களைத்தான் பார்க்கிறது. அதில் `aadu` என்றோ `puli` என்றோ ஒரு சொல்கூட இல்லை. பெங்களூருத் தமிழர்களில் வீட்டில் தமிழும் கைபேசியில் ஆங்கிலமுமாக இருப்பவர்களே என் கண்ணில் மிகுதியாகப் படுகிறார்கள்; அவர்கள் ஆட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அவர்களுக்காகத் தமிழ்ப் பக்கத்தில் நீங்கள் எழுதி வைத்தது அவர்களை எட்டவே இல்லை.

ஆகவே ஆங்கிலத் தலைப்பை `Aadu Puli Aattam: Goat & Tiger` என்று மாற்றுங்கள். எண்ணிப் பாருங்கள், மிகச் சரியாக 30 வரும், எல்லையும் அதுதான். முன்பு 50 வரை விட்டார்கள், 2021-இல் குறைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பயனருக்கு வேறு தலைப்பு வேண்டுமென்றால் `en-IN` என்று இந்திய ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் சேர்க்கலாம், ஆனால் உங்களுக்கு அது இப்போது தேவைப்படாது.

தமிழ்ப் பக்கத்தில் எண்ணும் முறையைக் கவனியுங்கள். நாம் "ட்" என்பதை ஓர் எழுத்தாகக் கொள்கிறோம்; கணினிக்கு ட ஒன்று, புள்ளி ஒன்று. "ஆடு புலி ஆட்டம்" நமக்கு எட்டு எழுத்தும் இரண்டு இடைவெளியும். கன்சோலின் எண்ணிக்கையில் 15. அதனுடன் முழு ஆங்கிலப் பெயரையும் கோடிட்டுச் சேர்த்தால் 34 ஆகிவிடும். `ஆடு புலி ஆட்டம் - Aadu Puli` என்று நிறுத்தினால் 27.

அடுத்து உங்கள் குறுவிளக்கம். எல்லை 80, நீங்கள் எழுதியது 65. அந்த 65-இல் ஆடும் இல்லை, புலியும் இல்லை, பலகையும் இல்லை. அதே வரியை ஒரு புடவைக் கடைக்கும் போடலாம். விளையாட்டின் பக்கத்தைத் திறந்ததும் தொடாமலே படிக்கக் கிடைக்கும் வரி இதுதான். முழு விளக்கத்தை விரித்துப் படிப்பவர்கள் குறைவு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"3 புலி, 15 ஆடு. இணையம் இல்லாமலும் இருவராகவோ தனியாகவோ ஆடலாம்."

இது 60. ஆட்டத்தை அறிந்தவருக்கு எண்ணைப் பார்த்ததுமே தன் ஊர்ப் பலகைதான் என்று தெரிந்துவிடும். அறியாதவருக்கு இணையம் வேண்டாம், துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் ஆடலாம் என்பது தெரியும்.

வேறு எழுத்துக்கூட்டல்களை முழு விளக்கத்தில் வாக்கியத்துக்குள் ஒரே ஒரு முறை கொண்டுவாருங்கள். கன்னடத்தார் இதை ஆடு ஹுலி என்பார்கள், தெலுங்கில் புலி மேக என்பார்கள். அந்த வீடுகளில் என்ன பெயர் என்று ஒரு பத்தி எழுதினால் அது செய்தியாகவும் இருக்கும், சொல்லும் இடம்பெற்றுவிடும்.

மாட்டுங்கா_வாசி

பெட்டி விஷயத்தில் கடையை மாற்றிப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் புதுப்பிப்புக் குறிப்பில் சொற்களை எழுதினால் பயன் உண்டு என்றே நினைக்கிறேன். ஒருமுறை "குறுக்கெழுத்து" என்று குறிப்பில் எழுதிய வாரத்தில் எங்களுக்கு நிறுவல்கள் கூடின.

மல்லேஸ்வரம்_அக்கா

அந்த வாரத்தில் புதுப்பிப்பும் வந்ததல்லவா? பழைய பயனர்கள் திரும்பி வந்தார்களா, புதியவர்கள் தேடி வந்தார்களா என்று பிரித்துப் பார்த்தீர்களா? தேடலுக்குக் குறிப்பு உதவுகிறது என்பதற்கு நான் இதுவரை ஆதாரம் கண்டதில்லை. குறிப்பு ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும், நிறுவலாமா என்று தயங்குபவருக்கும் எழுதுவது. அல்சூர்த் தம்பி, உங்கள் கடைசிக் குறிப்பு என்ன?

அல்சூர்க்காரன்

"பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது." ஒன்பது பதிப்புகளாக இதுவே இருக்கிறது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் சென்ற பதிப்பில் ஒரு பெரிய கோளாற்றை நீக்கினேன்: மூன்று புலிகளும் அடைபட்ட பிறகும் ஆட்டம் முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைக் குறை சொல்லி மூவர் ஒற்றை நட்சத்திரம் இட்டிருந்தனர். நீக்கிய பிறகும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மல்லேஸ்வரம்_அக்கா

நீக்கியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மொழிக்கு 500 எழுத்து வரை இடம் இருக்கிறது. இரண்டு வரி போதும். கன்சோலில் மொழிக்குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும்:

```
<ta-IN>
மூன்று புலிகளும் அடைபட்ட பிறகும் ஆட்டம்
முடியாமல் நின்ற கோளாறு நீக்கப்பட்டது.
ஆடு வைத்ததை ஒருமுறை திரும்ப எடுக்கலாம்.
</ta-IN>
```

ஆங்கிலத்துக்கும் இதையே எழுதுங்கள். உங்கள் பயனர்களில் பெரும்பாலோர் படிப்பது அதுதான். பிறகு அந்த மூன்று விமர்சனங்களுக்கும் எந்தப் பதிப்பில் சரியானது என்று பெயரிட்டு மறுமொழி எழுதுங்கள். அதற்கு எல்லை 350.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த 340 பேரில் தேடல் வழியாக வந்தவர்கள் எத்தனை பேர்?

அல்சூர்க்காரன்

இப்போதுதான் வருகை வழிகளைப் பிரித்துப் பார்த்தேன். தேடல் வழியாக 52 பேர், அவர்களில் நிறுவியவர்கள் 9 பேர். மற்றவர்கள் பெரும்பாலும் நான் வாட்ஸாப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வந்த உறவினர்கள். கன்சோலில் உள்ள பக்கச் சோதனையை வைத்து இரண்டு குறுவிளக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

மல்லேஸ்வரம்_அக்கா

52 பேரைப் பாதியாகப் பிரித்தால் எது வென்றது என்று சொல்லவே முடியாது. மாதக்கணக்கில் காத்திருந்தாலும் "போதிய தரவு இல்லை" என்றே நிற்கும். ஆங்கிலத் தலைப்பை முதலில் மாற்றுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்கு வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். அதன் பிறகு குறுவிளக்கம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் கூடியது என்று தெரியாமல் போகும்.

கரோல்பாக்_ஆசிரியை

தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே தலைப்பில் கலப்பது பார்க்க நன்றாக இல்லை என்று என் மாணவர்களின் பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படியே படுகிறது.

மல்லேஸ்வரம்_அக்கா

அழகில் நீங்கள் சொல்வது சரிதான். தமிழ்ப் பக்கத்தில் தூய தமிழ்த் தலைப்பே போதுமா என்பதில் எனக்கும் உறுதியில்லை. தமிழில் கைபேசி வைத்திருந்தும் ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது அது.

அல்சூர்க்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டியலை நீக்கி, ஆங்கிலத் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஏற்கப்பட்டது. தேடல் வழி வருகை கடந்த 28 நாட்களில் 131, நிறுவல் 30. ஆங்கிலக் கைபேசியில் `aadu puli` தட்டினால் மூன்றாவதாக வருகிறது. `adu puli attam` தட்டினால் இன்னும் வரவில்லை. மறுமொழி எழுதிய மூவரில் ஒருவர் நான்கு நட்சத்திரமாக மாற்றிவிட்டார். தமிழ்ப் பக்கத்தின் தலைப்பைத் தூய தமிழிலேயே இப்போதைக்கு விட்டிருக்கிறேன். குறுவிளக்கத்தை இன்று இரவு மாற்றப் போகிறேன், அக்கா.