‘குடுத்துடலாம்’ எப்போது ‘தீர்மானிக்கப்பட்டது’ ஆகும்?

எழுதுகோல்:
கூட்டப் பதிவைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள், அர்த்தம் மாறிப்போன இடங்களை இங்கே பகிருங்கள். தொடக்கத்துக்கு ஒன்று. குடியிருப்போர் சங்கக் கூட்டம், லிஃப்ட் பழுது பற்றிய பேச்சு. செயலாளர் சொன்னது அப்படியே:

“பார்ட்ஸ் வந்துடுச்சாம். நாளைக்கு அனுப்புறேன்னு கம்பெனிலேர்ந்து சொல்லிருக்காங்க. நாங்க பாத்துக்கிறோம், ஒரு பத்து நாள்ல முடிஞ்சிடும். அட்வான்ஸ் குடுத்துடலாம்.”

தலைவர்: “சரி சரி… பாக்கலாம்.”

குறிப்பில் ஏறியது: “உதிரிபாகங்கள் வந்துவிட்டன. அவை நாளை அனுப்பப்படும். பணி 10 நாட்களில் முடிக்கப்படும். முன்பணம் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.”

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் நான்கு வாக்கியங்களும் அவர் சொல்லாததைச் சொல்கின்றன.

ஒலிநாடா:
முதல் சறுக்கல் ‘வந்துடுச்சாம்’ என்பதில். அந்த ‘ஆம்’ போனதும் கேள்விப்பட்ட செய்தி நேரில் பார்த்த செய்தியாகிவிட்டது. பாகம் வந்ததைச் செயலாளர் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். ‘வந்துவிட்டதாகத் தெரிகிறது’ என்றோ ‘வந்துவிட்டதாகத் தமக்குத் தகவல் கிடைத்ததாகக் கூறினார்’ என்றோதான் எழுத வேண்டும். நாளைக்குப் பாகம் வரவில்லை என்றால், அவர் பொய் சொன்னதாக இந்தக் குறிப்பே சாட்சி சொல்லும்.

இரண்டாவது ‘நாளைக்கு’. பேச்சில் ‘னு’ போட்டால், முதலில் பேசியவரின் வார்த்தை அப்படியே உள்ளே வந்துவிடும். கம்பெனிக்காரர் கூட்டத்துக்கு முந்தின நாள் பேசியிருந்தால், அவருடைய ‘நாளைக்கு’ என்பது கூட்டம் நடந்த நாளேதான். கூட்டத் தேதி 12 என்றால் அது 12ஆ, 13ஆ? பதிவில் விடை இல்லாவிட்டால் செயலாளரிடம் ஒரு வரி கேட்டுவிட்டுத் தேதியைப் போடுங்கள். வரைவை அனுப்பும்போது, ‘என்று பேசினார்கள்?’ என்று ஓரத்தில் குறித்துவிட்டாலே போதும்.

அதே வாக்கியத்தில் இன்னொரு சின்ன விஷயம். ‘சொல்லிருக்காங்க’ ஒருவரா, பலரா? மரியாதைக்காக ஒருவரையும் அப்படித்தான் சொல்வோம். இங்கே ‘அனுப்புறேன்’னு வருவதால் பேசியது ஒருவர். ஆகவே ‘தெரிவித்துள்ளனர்’ இல்லை, ‘தெரிவித்துள்ளார்’.

மெய்ப்புத்தாள்:
கடைசி விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு அலுவலகமே சொன்னதைக்கூட ‘அனுப்புறேன்னு சொன்னாங்க’ என்று பேசுகிறவர்கள் உண்டு. ‘நிறுவனத் தரப்பில் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால் எண்ணிக்கைச் சிக்கலே வராது. என் கருத்தில் குறிப்பு முழுவதையும் செயப்பாட்டு வினையில் எழுதுவதுதான் பாதுகாப்பு. நடுநிலையாகவும் இருக்கும்.

ஒலிநாடா:
பாதி சரி, ஐயா. செய்தவர் யார் என்று பேச்சிலேயே இல்லாத இடத்தில் அது பொருந்தும். ‘லெட்டர் குடுத்தாச்சு’ என்றால் கொடுத்தது யார் என்று தெரியாது. ‘கடிதம் கொடுக்கப்பட்டுவிட்டது’ சரியான இணை. ஆனால் ‘நான் முடிச்சிடுறேன்’ என்று ஒருவர் வாய்விட்டு ஏற்றுக்கொண்டதை ‘முடிக்கப்படும்’ என்று எழுதினால் பொறுப்பு காற்றில் போய்விடும். அடுத்த கூட்டத்தில் யாரைக் கேட்பது? அங்கே ‘தாமே முடித்துத் தருவதாகக் கூறினார்’ என்று ஆளோடு எழுத வேண்டும்.

மேலே உள்ள ‘முடிஞ்சிடும்’ வேறு. அது அவருடைய எதிர்பார்ப்பு, வாக்குறுதி இல்லை. ‘முடிந்துவிடும் என்றார்’ என்பதோடு நிறுத்த வேண்டும். ‘முடிக்கப்படும்’ என்றதும் அது கெடு ஆகிறது. ‘ஒரு பத்து நாள்’ என்பதில் உள்ள ‘ஒரு’வையும் விடக்கூடாது. அது ‘சுமார்’ என்ற பொருளில் வருகிறது.

புதுப்பேனா:
நான் தமிழ்ச் சொற்களைப் பற்றிய கேள்வி என்று நினைத்து வந்தேன். அட்வான்ஸுக்கு முன்பணம், பார்ட்ஸுக்கு உதிரிபாகம், இதில் என்ன குழப்பம்? எனக்கு வந்த தகராறு கொட்டேஷனில்தான். ‘எஸ்டிமேட் வந்திருக்கு, கொட்டேஷன் வரல’ என்று பேசியதை, இரண்டுக்கும் ‘மதிப்பீடு’ என்று போட்டுவிட்டேன். ‘மதிப்பீடு வந்துள்ளது, மதிப்பீடு வரவில்லை’ என்று அச்சாகி வந்தது.

எழுதுகோல்:
கேள்வி வேறாக இருந்தாலும் இதுவும் தேவையான உதாரணம்தான். எஸ்டிமேட் என்பது தோராயம், மதிப்பீடு. கொட்டேஷன் என்பது இந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று கொடுப்பது, விலைப்புள்ளி. இரண்டு பேச்சுச் சொற்கள் ஒரே எழுத்துச் சொல்லில் போய் விழுகின்றனவா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள். பொருத்தமான சொல் கிடைக்காவிட்டால் ‘கொட்டேஷன்’ என்றே விட்டுவிடலாம். தூய தமிழுக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திண்ணை:
‘நாங்க பாத்துக்கிறோம்’ என்பதை யாரும் தொடவில்லையே? குறிப்பில் அது காணாமலே போயிருக்கிறது. ‘நாம’ என்றிருந்தால் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்த்தி. ‘நாங்க’ என்றால் எதிரே இருப்பவர்களை விட்டுவிட்டுப் பேசுகிறார். ஆனால் அந்த ‘நாங்க’ பராமரிப்புக் குழுவா, நிர்வாகக் குழுவா? சில வட்டாரப் பேச்சில் ‘நாங்க’ எல்லோரையும் சேர்த்தும் வரும், அதனால் பேசியவரின் வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா ‘நாங்கள் கவனித்துக்கொள்வோம்’ என்று மாற்றினால், படிக்கிறவருக்கு அந்த ‘நாங்கள்’ யார் என்றே புரியாது.

ஒலிநாடா:
அருமையாகப் பிடித்தீர்கள். இனி தலைப்புக்கு வருவோம். ‘லாம்’ யோசனையாகவும் வரும், அனுமதியாகவும் வரும், முடிவாகவும் வரும். எழுத்தில் ‘கொடுத்துவிடலாம்’ என்று மட்டும் போட்டால் மூன்றில் எது என்று தெரியாது. அதனால் நான் அடுத்தவர் என்ன சொன்னார் என்று கேட்பேன். ‘குடுத்துடலாமா?’ என்று ஒருவர் கேட்டு, தலைவர் ‘ம், குடுத்துடலாம்’ என்று முடித்து, யாரும் மறுக்காமல் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போனால் அது முடிவு. இங்கே தலைவர் சொன்னது ‘சரி சரி… பாக்கலாம்’. அந்த ‘சரி’ கேட்டுக்கொண்டதற்கு அடையாளம், ‘பாக்கலாம்’ ஒத்திப்போட்டது. ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதுவதும் அதிகம்தான், பரிசீலிப்பதாக அவர் ஏற்கவில்லை.

தேதி எது, ‘நாங்க’ யார் என்று செயலாளரிடம் கேட்டு விடை கிடைத்த பின் குறிப்பு இப்படி வரலாம்:

“உதிரிபாகங்கள் வந்துவிட்டதாகத் தகவல் கிடைத்தது என்றும், அவற்றை 13ஆம் தேதி அனுப்புவதாக நிறுவனத் தரப்பில் ஒருவர் தெரிவித்துள்ளார் என்றும் செயலாளர் கூறினார். பணியைப் பராமரிப்புக் குழு கவனித்துக்கொள்ளும், சுமார் 10 நாட்களில் முடிந்துவிடும் என்றார். முன்பணம் கொடுத்துவிடலாம் என யோசனை தெரிவித்தார். பார்க்கலாம் என்று தலைவர் கூறினார். இதில் முடிவு எடுக்கப்படவில்லை.”

மெய்ப்புத்தாள்:
‘முடிவு எடுக்கப்படவில்லை’ என்று யாரும் பேசவில்லையே. அது உங்கள் சேர்க்கை ஆகாதா?

ஒலிநாடா:
நியாயமான கேள்வி. அது பேச்சின் மாற்றம் இல்லை, குறிப்பாளரின் பதிவு. அதனால் அதைத் தனி வரியாக எழுதி, தலைவர் கையெழுத்திடும் முன் அவரிடம் காட்டிவிடுவேன். அவர் ‘முடிவாகிவிட்டது’ என்றால் அப்போது மாற்றலாம்.

திண்ணை:
நான் இன்னும் முடிவு செய்யாத ஒன்று: ‘பதில் சொல்ல மாட்டேங்குறாங்க’. ‘பதிலளிக்க மறுக்கின்றனர்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு மேல் குற்றச்சாட்டு ஆகிறது. ‘லிஃப்ட் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்கிறோம், லிஃப்ட் எதையும் மறுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் ‘பதிலளிக்காமல் உள்ளனர்’ போதும். ஆனால் நான்கு முறை போனில் கேட்டும் பேசாதவரைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் குரலில் மறுப்பும் இருக்கிறதே?

எழுதுகோல்:
நான் ‘பலமுறை கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்றார்’ என்று எழுதுவேன், பலமுறை கேட்டதாக அவர் வாயாலேயே சொல்லியிருந்தால் மட்டும். சொல்லாவிட்டால் ‘பதிலளிக்காமல் உள்ளனர்’தான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.