ஹைலைட்ஸ் 85 எழுத்துக்குள் அடங்கவில்லை, கிராஃபிக்கல் அப்ஸ்ட்ராக்டில் என்ன வரைவது? வெள்ளிக்கிழமை சப்மிட் செய்ய வேண்டும்

கயல்_ஆய்வகம்

வணக்கம். பேப்பர் முடிந்துவிட்டது, கைடும் சரி சொல்லிவிட்டார். பனங்கொட்டை ஓட்டைக் கரியாக்கி, KOH போட்டு ஆக்டிவேட் செய்து, அதை வைத்துத் தண்ணீரிலிருந்து மெத்திலீன் புளூ சாயத்தை நீக்கும் வேலை. எல்சவியர் ஜர்னல் ஒன்றுக்கு அனுப்புகிறோம். ஹைலைட்ஸ் 3 முதல் 5 வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள் என்கிறார்கள். என் முதல் வரி இது:

```
Novel low-cost activated carbon was prepared from palmyra nut shell by KOH activation and characterized by SEM, FTIR, XRD and BET
```

எண்ணிப் பார்த்தால் 129. எதை வெட்டுவது என்று தெரியவில்லை. மற்ற வரிகளில் சொல்ல நினைத்தவை: 93% சாயம் நீங்கியது, லாங்மியூர் கணக்கில் கொள்ளளவு கிராமுக்கு 212 மில்லிகிராம், சூடோ செகண்ட் ஆர்டர் என்பதால் கெமிசார்ப்ஷன், நிஜ சாயக்கழிவு நீரில் 61%, ஐந்து முறை திரும்பப் பயன்படுத்திய பிறகும் 84%. படத்துக்கு SEM, XRD, FTIR மூன்றையும் ஒட்டி ஒரு தொகுப்பு செய்து வைத்திருக்கிறேன்.

சேலத்துக்காரன்

'Novel', 'low-cost' இரண்டையும் தூக்குங்கள், பாதி பிரச்சினை தீர்ந்தது. 212-ஐக் கட்டாயம் போடுங்கள். ரிவ்யூவர் முதலில் தேடுவதே அந்த எண்ணைத்தான். கெமிசார்ப்ஷனும் போடலாம், R² 0.999 வந்திருக்குமே.

கயல்_ஆய்வகம்

ஆமாம் அண்ணா, 0.9991.

மணல்மேடு

என் அனுபவம் ஒன்று. போன வருடம் இணையத்தில் கிடைத்த ஆலைப் படம் ஒன்றை கிராஃபிக்கல் அப்ஸ்ட்ராக்டில் வைத்தேன். எடிட்டர் கைக்குப் போவதற்கு முன்பே உரிமை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடு, பீக்கர் எல்லாவற்றையும் நீங்களே வரைந்துவிடுங்கள். அப்புறம், அளவு 3.25 அங்குலத்துக்கு 1.75 அங்குலம், மறக்காதீர்கள்.

ஆய்வகப்பூனை

மணல்மேடு, அது ஏசிஎஸ் ஜர்னல்களின் அளவு. எல்சவியர் கேட்பது குறைந்தது 531 பிக்சல் உயரம், 1328 பிக்சல் அகலம். உரிமை பற்றிச் சொன்னது சரி.

கயல், வெட்டுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்கள் முதல் வரி நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது, கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. SEM, XRD எடுக்காமல் இந்தத் துறையில் யாரும் பேப்பர் அனுப்புவதில்லை. அந்த வரியை முழுதாக விட்டுவிட்டு, தயாரிப்பை முடிவோடு சேருங்கள். வெறும் 93% என்றாலும் பொருள் இல்லை. கரியை அள்ளிப் போட்டால் யாருக்கும் 93 வரும். எவ்வளவு கரி போட்டீர்கள்?

கயல்_ஆய்வகம்

லிட்டருக்கு 1 கிராம். சாயம் லிட்டருக்கு 50 மில்லிகிராம், 60 நிமிடம்.

ஆய்வகப்பூனை

அப்படியானால் இப்படி:

```
KOH-activated palmyra shell carbon, 1 g/L, removed 93% of methylene blue in 60 min
```

இது 82. எக்செலில் வரியை ஒட்டி `=LEN(A1)` போட்டால் இடைவெளியும் சேர்ந்தே எண்ணும்.

212 விஷயத்தில் சேலத்துக்காரன் பாதிதான் சரி. அது சமன்பாட்டைப் பொருத்தியதில் வந்த எண். நீங்கள் நேரில் அளந்ததில் அதிகபட்சம் எவ்வளவு?

கயல்_ஆய்வகம்

300 மில்லிகிராம் செறிவில் 187.

ஆய்வகப்பூனை

அப்படியானால் 187-ஐப் போடுங்கள். 212தான் வேண்டுமென்றால் பொருத்திய மதிப்பு என்று தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

கெமிசார்ப்ஷனை எடுத்துவிடுங்கள். நேரத்தை x அச்சிலும் t/q-ஐ y அச்சிலும் வைத்து வரைந்தால், சமநிலைக்கு வந்த பிறகு எடுத்த புள்ளிகள் எல்லாம் தானாகவே நேர்கோட்டில் விழும். 0.999 வருவது அதனால்தான், அதில் வேதிப்பிணைப்புக்குச் சாட்சி எதுவும் இல்லை. திரும்பப் பயன்படுத்தும்போது கரியை எதில் கழுவினீர்கள்?

கயல்_ஆய்வகம்

எத்தனாலில். அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம். சாயம் வெளியே வந்துவிட்டது.

ஆய்வகப்பூனை

எத்தனாலில் இவ்வளவு எளிதாகக் கழன்று வரும் சாயத்தை வேதிப்பிணைப்பில் இருந்தது என்று ஹைலைட்ஸில் எழுதினால், உங்கள் பேப்பரின் இன்னொரு படமே உங்களை மறுக்கும். டிஸ்கஷனில் எழுதியிருந்தால் அங்கேயும் தணித்துவிடுங்கள்.

சேலத்துக்காரன்

எங்கள் துறையில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள். நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எத்தனால் விஷயம் இடிக்கத்தான் செய்கிறது.

ஆய்வகப்பூனை

அடுத்து அந்த 61%. உங்கள் பேப்பரில் எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் ஒரு சந்தேகம். பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், எதிர்மின் சுமை உள்ளது. மெத்திலீன் புளூ நேர்மின். சாயப்பட்டறைக் கழிவில் மெத்திலீன் புளூ எப்படி வந்தது?

கயல்_ஆய்வகம்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையிலிருந்து நீர் எடுத்து வந்து, அதில் நாங்களே லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்திலீன் புளூ கலந்தோம். பேப்பரில் மெத்தட்ஸ் பகுதியில் எழுதியிருக்கிறோம். சுத்தமான தண்ணீரில் NaCl மட்டும் சேர்த்தும் ஒரு சோதனை செய்தோம், 68% வந்தது.

ஆய்வகப்பூனை

மெத்தட்ஸில் இருந்தால் போதாது. ஹைலைட்ஸை மட்டும் படிப்பவர், பட்டறையின் சொந்தச் சாயத்தையே 61% நீக்கிவிட்டதாக நினைப்பார். கலந்தது என்பதை வரியிலேயே சொல்லுங்கள்:

```
In effluent spiked with the dye, removal fell to 61%; added salt alone gave 68%
```

79. உப்புதான் காரணம் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். கழிவில் வேறு பொருள்களும் இருக்கின்றன, அவற்றை நீங்கள் தனியாகச் சோதிக்கவில்லை. இரண்டு எண்ணும் பக்கத்தில் நின்றால் படிப்பவர் புரிந்துகொள்வார்.

படத்துக்கும் இதுதான் கரு. SEM தொகுப்பை விட்டுவிடுங்கள். சுருங்கிய பிறகு எல்லாம் சாம்பல் நிறக் கட்டம்தான். இடது ஓரத்தில், அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஓடும் அதிலிருந்து ஓர் அம்புக்குறியில் கரியும். மீதி இடம் முழுக்க மூன்று தடித்த பட்டைகள்: தண்ணீர் 93, உப்பு நீர் 68, சாயம் கலந்த கழிவு நீர் 61. 84% கூட வேண்டாம், அது ஹைலைட்ஸில் இருக்கட்டும்.

மணல்மேடு

எழுத்து அளவு? என் படத்தில் அதுவும் பிரச்சினையாகி இருந்தது.

ஆய்வகப்பூனை

96 டிபிஐ திரையில் சுமார் 13 சென்டிமீட்டர் அகலத்தில் படிக்க முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது ஏறக்குறைய 491 பிக்சல். 1328-ல் வரைந்தது 2.7 மடங்கு சுருங்கும். 24 பிக்சலில் எழுதினால் 9 ஆகிவிடும், கண்ணைச் சுருக்கித்தான் படிக்கணும். 40-க்குக் கீழே போகாதீர்கள். வரைந்து முடித்ததும் ஒரு நகலை 491 அகலத்துக்குச் சுருக்கி, முழு அளவில் திறந்து, கையை நீட்டி உட்கார்ந்து பாருங்கள்.

கயல்_ஆய்வகம்

பென்சிலில் வரைந்து பார்த்தேன், பட்டைகள் மூன்றும் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் கைடுக்கு 93 சின்னதாகத் தெரிய வேண்டாமாம், 61-ஐப் படத்தில் போடவே கூடாது என்கிறார்.

சேலத்துக்காரன்

கைடு சொல்வதும் ஒரு பக்கம் நியாயம்தானே. முதல் பார்வையிலேயே குறையைக் காட்டினால் எடிட்டர் டெஸ்க்கிலேயே நிராகரித்தால்?

ஆய்வகப்பூனை

நிராகரிக்கலாம், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் 61-ஐப் படத்தில் வைக்கும் முன் இன்னொன்று சரிபாருங்கள். 664 நானோமீட்டரில் அளந்தபோது, மெத்திலீன் புளூ கலக்காத கழிவு நீரையும் பிளாங்காக வைத்துக் கழித்தீர்களா? அந்த நீருக்கே நிறம் இருந்திருக்கும்.

கயல்_ஆய்வகம்

காய்ச்சி வடித்த நீரைத்தான் பிளாங்காக வைத்ததாக ஞாபகம். நோட்டுப் புத்தகம் ஆய்வகத்தில் இருக்கிறது. கழிவு நீர் மாதிரி இன்னும் அரை லிட்டர் ஃப்ரிட்ஜில் மிச்சம். நாளைக் காலை முதல் வேலையாக அதை அளந்துவிட்டு வருகிறேன் அக்கா. 61 மாறினால் வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாது என்று கைடிடம் சொல்லணும்.