15 கிலோவாட் பம்ப் 22 ஆனது: டிராயிங் செக் பண்ணும்போது முதலில் எதைப் பார்ப்பீங்க?

எட்டு மாச ஜூனியர்
எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் டிராயிங் செட் ரெண்டையும் ஒப்பிட்டு முரண்பாடு எழுதித் தரச் சொன்னாங்க. பிளான்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தே ஒரு நாள் போயிடுச்சு. பைப்பும் டிரேயும் மோதுற ரெண்டு இடம்தான் கிடைச்சது. நீங்க எப்படிப் பார்க்கிறீங்க?

எலக்ட்ரிக்கல் டிசைனர், 17 வருஷம்
பிளானை ஓரமா வைங்க தம்பி, கருவிகளையும் லோடையும் பட்டியல் போடும் செட்யூலில் ஆரம்பிங்க. எங்க ப்ராஜெக்ட் ஒன்றில் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணி அனுப்பும் சில்ட் வாட்டர் பம்ப் மூணு, ஓடுவது ரெண்டு. ஹெட் போதாதுன்னு மெக்கானிக்கல் டீம் 15 கிலோவாட்டை 22 ஆக்கி ரிவிஷன் விட்டாங்க. பம்ப் அதே இடத்தில் இருந்ததால பிளானில் ஒரு கோடுகூட மாறல. எங்க பேனல் செட்யூலில் பழைய 15 அப்படியே நின்னுது. 415 வோல்ட்டில் அது சுமார் 28 ஆம்ப், அதற்கு 32 ஆம்ப் பிரேக்கர். 22 கிலோவாட் மோட்டார் சுமார் 40 ஆம்ப் இழுக்கும். பேனல் சைட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது. பிரேக்கர், ஓவர்லோட் ரிலே, கேபிள் எல்லாம் மாற்றினோம். ஜெனரேட்டர் லோடும் 14 கிலோவாட் ஏறிடுச்சு.

அதிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் ரெண்டு செட்டின் ரிவிஷன் எண்ணும் தேதியும் பார்ப்பேன். பிறகு மெக்கானிக்கல் செட்யூலின் ஒவ்வொரு டேக் நம்பரையும் பேனல் செட்யூலில் தேடி, கிலோவாட், ஃபேஸ், ஸ்டார்ட்டர் வகை, ஜெனரேட்டர் சப்ளை உண்டா என்று டிக் அடிப்பேன். முடிச்சதும் பேனலிலிருந்து திரும்பவும் வருவேன். மெக்கானிக்கல் டீம் எடுத்துவிட்ட ஃபேனுக்கு இன்னமும் ஃபீடர் இருப்பது அப்போதுதான் தெரியும்.

பிம் மாடலர்
மாடலில் கிளாஷ் ரன் பண்ணினாலே எல்லாம் வந்துடுமே.

எலக்ட்ரிக்கல் டிசைனர், 17 வருஷம்
மோதுவது வரும், கிலோவாட் வராது. பேனலுக்கு 300 மில்லிமீட்டர் மேலே வால்வோடு போகும் சில்ட் வாட்டர் பைப்பும் வராது, அது எதையும் தொடலையே. சொட்டினால் தண்ணி நேரா பஸ்பார்மேல.

பிம் மாடலர்
அந்தப் பைப் விஷயம் சரிதான். பேனலுக்கு மேலேயும் முன்னாலேயும் வெற்று இடத்தை ஒரு பெட்டியா மாடல் பண்ணிட்டா அதுவும் கிளாஷில் சிக்கும்.

சைட் இன்ஜினியர்
எங்க காரிடாரில் 150 மில்லிமீட்டர் பைப்பை இன்சுலேஷன் இல்லாம வரைஞ்சிருந்தாங்க. வெளிவிட்டம் 168, சுற்றிலும் 50 இன்சுலேஷன் ஏறினா 268. கேபிள் டிரேக்கு விட்டிருந்த இடம் போயே போச்சு. ஃபால்ஸ் சீலிங்கை இறக்க ஆர்க்கிடெக்ட் ஒத்துக்கல.

எட்டு மாச ஜூனியர்
சாயங்காலம் டேக் டேக்கா பார்த்தேன். ஏசி காற்றை அனுப்பும் மூணு ஏஎச்யூவுக்கு, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பற்றி மெக்கானிக்கல் செட்யூலில் "எலக்ட்ரிக்கல் தரும்", பேனல் டிராயிங்கில் "மற்றவர் தருவார்"னு இருக்கு. யார் தரணும்?

எலக்ட்ரிக்கல் டிசைனர், 17 வருஷம்
எங்க ஆபீஸில் மெக்கானிக்கல் பேக்கேஜில் போடுவோம், மோட்டாரோட பொருந்தணும்னு.

சைட் இன்ஜினியர்
எங்க சைட்டில் அப்படிப் போட்டுத்தான் விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல வர்ற கேபிள் யாருடைய பில்லிலும் இல்லாமப் போச்சு. எலக்ட்ரிக்கல்லயே போடச் சொல்லுங்க.