ஜெர்மனியில் குடியேறும்போது: எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

மியூனிக்கிற்குப் புதிதாக வருபவர்

வணக்கம். 2026 மார்ச் 2 அன்று மியூனிக்கில் வாடகை வீட்டில் குடிபுகப் போகிறேன். முகவரிப் பதிவுக்கு மார்ச் 9 அன்று நேரம் கிடைத்திருக்கிறது. பதிவு முடிந்த பிறகு வரி அடையாள எண் தபாலில் வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம் என்று சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலை முடிந்த பிறகே தொடங்கும்படி பினிஷ்-டு-ஸ்டார்ட் இணைப்புக் கொடுத்தேன். அதன்படி நான் ஏப்ரல் 17 அன்றுதான் வேலையில் சேர முடியும். ஒப்பந்தத்திலோ ஏப்ரல் 1 என்று இருக்கிறது. சேரும் தேதியை மே மாதத்திற்குத் தள்ளிவைக்கும்படி நிறுவனத்திடம் கேட்பதா?

பெர்லினிலிருந்து

கேட்க வேண்டாம். வரி எண் இல்லாமலும் வேலையில் சேரலாம். எண் வரும்வரை மிக அதிகமான ஆறாம் வரி வகுப்பில் பிடிப்பார்கள், பிறகு சரிசெய்துவிடுவார்கள். உங்கள் பட்டியலில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் ஆக மாற்றிவிடுங்கள். அப்போது எல்லா வேலைகளும் ஒரே நாளில் தொடங்கிவிடும், திட்டமும் சுருங்கிவிடும்.

ஸ்டுட்கார்ட், கட்டுமானத் திட்டப் பிரிவில் பணிபுரிபவர்

வேலையில் சேர்வதைப் பற்றி பெர்லின் நண்பர் சொன்னது சரி. உங்கள் விசா அந்த வேலைக்கு அனுமதி தந்திருந்தால், வரி எண்ணுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே இணைப்பே தேவையில்லை. அந்த எண் தேவைப்படுவது முதல் சம்பளத்தின் வரியைச் சரியாகக் கணக்கிடுவதற்கு. ஆகவே இணைப்பை அந்த வேலையோடு போடுங்கள். ஆறாம் வகுப்பும் தானாக வந்துவிடுவதில்லை. உங்கள் தவறு இல்லாமல் எண் தாமதமானால், உத்தேச வரி வகுப்பை வைத்து மூன்று மாதம் வரை கணக்கிட நிறுவனத்திற்குச் சட்டம் இடம் தருகிறது. சம்பளப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் ஆக்குவது தவறு. வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிப் படிவம் கையில் இல்லாமல் முகவரிப் பதிவுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே முந்தையது முடிந்தே ஆக வேண்டும். பதிவு முடிந்தால்தான் வரி எண்ணுக்கான நடைமுறை தொடங்கும், அதுவும் அப்படியே. எந்த இணைப்பைப் போடும்போதும், முந்தையது முடியாமல் அடுத்ததைத் தொடங்கினால் யார் தடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தடுப்பவர் யாருமில்லை என்றால், அது நீங்கள் பட்டியலை எழுதிய வரிசையே தவிர, உண்மையான சார்பு அல்ல.

ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்வதில்லை. முதலாவது தொடங்குவதற்கு முன் இரண்டாவது தொடங்கக் கூடாது என்பதே அதன் பொருள்; பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இரண்டும் உண்மையிலேயே சேர்ந்து தொடங்கும் நேரங்களும் உண்டு. புது வீட்டில் முதல் விளக்கைப் போட்டவுடன், நீங்கள் எதிலும் கையெழுத்திடாவிட்டாலும், அந்தப் பகுதியின் அடிப்படை மின் விநியோகஸ்தருடன் உங்களுக்கு ஒப்பந்தம் தொடங்கிவிடுகிறது. ஆகவே குடிபுகும் அன்றே மீட்டர் அளவைக் குறித்துவையுங்கள்.

மியூனிக்கிற்குப் புதிதாக வருபவர்

மிக்க நன்றி. மூன்று அறைகளுக்கு வண்ணம் பூச வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு நாள் ஆகும். முதல் அறை முடிந்ததும் அதில் சாமான்களை வைக்கத் தொடங்கலாம் என்பதால், பூச்சு தொடங்கி இரண்டு நாள் கழித்துச் சாமான் வைப்பது தொடங்கும்படி ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் போட்டிருக்கிறேன். இது சரியா?

ஸ்டுட்கார்ட், கட்டுமானத் திட்டப் பிரிவில் பணிபுரிபவர்

எண்ணம் சரி, ஆனால் அந்த இணைப்பு தொடக்கங்களை மட்டுமே கட்டிவைக்கிறது. முதல் அறையில் பழைய சுவர்ப்பூச்சு உதிர்ந்து, பழுதுபார்க்க நான்கு நாள் ஆகிறது என்று வையுங்கள். பூச்சு தொடங்கி இரண்டு நாள் கடந்துவிட்டதால், மூன்றாம் நாளே கட்டிலை உள்ளே கொண்டுவரலாம் என்றுதான் திட்டம் காட்டும். ஈரச் சுவர் அதற்குத் தெரியாது. வேலையை அறைவாரியாக உடைத்து, ஒவ்வோர் அறையிலும் பூச்சு முடிந்த பின் சாமான் என்று பினிஷ்-டு-ஸ்டார்ட் போடுங்கள். அதே நேரம் மிச்சமாகும், முதல் அறையில் ஏற்படும் தாமதமும் உடனே தெரியும்.

அடுத்து, உங்கள் ஏப்ரல் 17 எப்படி வந்தது என்று பார்ப்போம். பதிவு மூன்றாம் வரிசை என்றால், வரி எண்ணுக்கான வரிசையில் நீங்கள் இதில் முதலாவதைத்தான் எழுதியிருக்க வேண்டும்:

```
3FS+28d
3FS+28ed
```

`FS` என்பது பினிஷ்-டு-ஸ்டார்ட். முதலாவதில் இருப்பவை 28 வேலை நாட்கள். வழக்கமான ஐந்து நாள் வார நாட்காட்டியில், மார்ச் 9-இலிருந்து எண்ணினால் அது ஏப்ரல் 16-இல் போய் நிற்கும். மறுநாள் வேலையில் சேர்வது, ஏப்ரல் 17. இரண்டாவதில் உள்ள `ed` வார இறுதிகளையும் சேர்த்து எண்ணுவதால் ஏப்ரல் 6 வருகிறது. அன்று ஈஸ்டர் திங்கள், தபால் வராது. ஏப்ரல் 7 என்று கொள்ளுங்கள். நான்கு வாரத்தை `4w` என்று எழுதியிருந்தாலும் ஐந்து நாள் வாரமாகக் கொண்டு ஏப்ரல் 6-க்கே வந்திருக்கும். காத்திருப்பில் யாரும் உழைப்பதில்லை, நாட்கள் கடந்தால் போதும். அதனால் அலுவலகக் காத்திருப்புகளுக்கு நாட்காட்டி நாளைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை இதுதான்.

டொரோண்டோவிலிருந்து

எத்தனை வாரம் ஆகும் என்றுதானே கேட்கிறீர்கள்? இங்கே ஒன்டாரியோவில் மருத்துவக் காப்புக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். வன்கூவரில் இருக்கும் என் தம்பிக்கு அப்படி இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில், வந்து சேர்ந்த மாதத்தின் மிச்ச நாட்களோடு மேலும் இரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

ஸ்டுட்கார்ட், கட்டுமானத் திட்டப் பிரிவில் பணிபுரிபவர்

கேள்வி அதுவல்ல, ஆனாலும் நல்ல எடுத்துக்காட்டு. அந்த விதிப்படி ஜனவரி 30 அன்று வந்தவருக்கு ஏப்ரல் 1 முதல் காப்பு. பிப்ரவரி 1 அன்று வந்தவருக்கு மே 1 முதல். இரண்டே நாள் பிந்தியதால் ஒரு மாதம் போய்விடுகிறது. இத்தகைய காத்திருப்பை `+60d` என்று எழுதவே முடியாது. தேதியை விதிப்படி கணக்கிட்டுத்தான் இட வேண்டும்.

பிராங்க்பர்ட்டிலிருந்து

இணைப்போடு காத்திருப்பு நாட்களைச் சேர்க்கும் லேக் என்பதையே நான் பயன்படுத்துவதில்லை. 'வரி எண்ணுக்குக் காத்திருத்தல்' என்று தனி வேலையாகவே ஒரு வரிசை எழுதுகிறேன். இணைப்புக்குள் ஒளிந்திருக்கும் 28 நாளை யாரும் கேள்வி கேட்பதில்லை. தனி வரிசையாக இருந்தால், அதன் பக்கத்தில் 'தபால்பெட்டியில் பெயர் ஒட்டியாயிற்றா' என்று எழுதிவைக்கலாம். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதத்தைப் போடாமல் திருப்பிவிடுவார். வரி எண் வராமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அதுவே.

ஸ்டுட்கார்ட், கட்டுமானத் திட்டப் பிரிவில் பணிபுரிபவர்

பெரிய திட்டங்களில் நானும் அப்படியே செய்வேன். ஆனால் இட்லி மாவு புளிப்பதைப் போன்ற சிறு காத்திருப்புகளுக்கெல்லாம் வரிசை சேர்த்தால், செய்ய வேண்டிய வேலை எது, வெறும் காத்திருப்பு எது என்று பட்டியலில் தெரியாமல் போகும். யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டிய காத்திருப்பு என்றால் தனி வரிசை, இல்லையென்றால் லேக் என்பது என் வழக்கம்.

பிராங்க்பர்ட்டிலிருந்து

கவனிக்க வேண்டியது எது என்பது முன்கூட்டியே தெரிவதில்லையே. குளிர்காலத்தில் அந்த மாவையும் எழுந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. நான் எல்லாவற்றையும் வரிசையாகவே எழுதுவேன்.

மியூனிக்கிற்குப் புதிதாக வருபவர்

வேலையில் சேர்வதை வரி எண்ணிலிருந்து விடுவித்துவிட்டேன். ஏப்ரல் 1 அப்படியே நிற்கிறது. வரி எண்ணைத் தனி வரிசையாக்கி, தபால்பெட்டியில் பெயர் ஒட்டுவதைக் குடிபுகும் நாளோடு ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் ஆக இணைத்திருக்கிறேன். சம்பளப் பிரிவு மாத நடுவில் கணக்கை முடிப்பதால், ஏப்ரல் 7-க்குள் கடிதம் வராவிட்டால் அன்றே அவர்களிடம் பேசுவதாகவும் ஒரு வரிசை சேர்த்தேன்.