பவர் பேங்க் இலவசமாக வந்தது, காசு வரவில்லை. வீடியோவில் சொல்ல வேண்டுமா?

பாலக்கோடு தம்பி: தமிழில் கேட்ஜெட் ரிவ்யூ சேனல் நடத்துகிறேன். ஒரு கம்பெனி 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அனுப்பியிருக்கிறது, திருப்பித் தர வேண்டாமாம். காசு தரவில்லை. வீடியோ போடும் முன் தங்களுக்குக் காட்டச் சொல்கிறார்கள். இலவசமாக வந்தது என்று சொல்லியே ஆக வேண்டுமா?

ஓசூர்க்காரன்: காசு வாங்கினால்தான் அது விளம்பரம். அப்லோடு செய்யும்போது யூடியூப் கேட்கும் பெட்டியில் ஒரு டிக் போடு, அதுவே தாராளம். எடுத்த எடுப்பில் "சும்மா கொடுத்தார்கள்" என்று சொன்னால் பார்க்கிறவன் பாதியில் போய்விடுவான். நம் பக்கத்துச் சின்னச் சேனல்களுக்கு அது தாங்காது.

மத்தூர் அக்கா: டிக் போடச் சொன்னது சரி, அது போதும் என்பதுதான் சரியில்லை. அந்த டிக்குக்கு யூடியூப் காட்டுவது "Includes paid promotion" என்ற வரி, அதுவும் தொடக்கத்தில் சில நொடிகள்தான். தமிழில் பார்க்க வருகிறவருக்கு அதில் என்ன புரியும்? 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியில், இலவசப் பொருளும் அறிவிக்க வேண்டிய தொடர்புதான். காசு கைமாற வேண்டும் என்று இல்லை. வீடியோ எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். "இதைக் கம்பெனி அனுப்பியது, திருப்பிக் கேட்கவில்லை, காசு வாங்கவில்லை" என்று முதல் நிமிடத்திலேயே வாயால் சொல்லு தம்பி.

காரிமங்கலம் வாசகன்: இலவசமோ காசோ, அதை விடுங்கள். நான் வாங்கிய 10,000 பவர் பேங்கை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 6,400தான் வந்தது. இந்த ஏமாற்று வேலையை எந்தச் சேனலும் சொல்வதில்லை.

மத்தூர் அக்கா: உங்கள் மீட்டர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது, அது ஏமாற்று இல்லைங்க. 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். வெளியே வருவது 5 வோல்ட். 10,000 எம்ஏஎச் என்றால் 10 ஆம்பியர் அவர், அதை 3.7 ஆல் பெருக்கினால் 37 வாட் அவர் மின்சாரம். அதை 5 வோல்ட்டுக்கு மாற்றினாலே 7,400தான். மாற்றும்போது சூடாகிப் போவது 10, 15 சதவீதம். ஆக 6,300 முதல் 6,600 வரை வந்தால் நல்ல பொருள்.

கவனிக்க வேண்டியது வேறு. போன வருடம் ஒரு கம்பெனி எனக்கு அனுப்பியதில் 6,400 வந்தது. அதே மாடலைக் கிருஷ்ணகிரிக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன், 5,300தான். முதலில் என் கேபிளைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் முழுக்கச் சார்ஜ் போட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதே கேபிள், அதே 2 ஆம்பியர் லோடு வைத்து மும்மூன்று முறை ஓட்டினேன். எண் மாறவில்லை. இரண்டு எண்ணையும் வீடியோவில் காட்டினேன். கம்பெனி பொறுக்கி எடுத்து அனுப்பியது என்று மட்டும் சொல்லவில்லை. கடைச் சரக்கு ரொம்ப நாள் கிடந்து செல் இறங்கியிருக்கலாம், ஒரே ஒரு பீஸை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஓசூர்க்காரன்: நீங்கள் வாங்கியது பவர் பேங்க். 30,000 ரூபாய் போனை ஒவ்வொரு தடவையும் கடையில் வாங்கிச் சோதிக்க இந்தத் தம்பிக்கு முடியுமா? கம்பெனி அனுப்புவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

மத்தூர் அக்கா: முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். அப்போது "நான் சோதித்தது கம்பெனி அனுப்பிய பீஸ், கடையில் வாங்கியதை அல்ல" என்று எண்ணைச் சொல்லும் இடத்திலேயே சொல்லட்டும். என்னைக் கேட்டால், இலவசத்தைவிட அந்த முன்கூட்டிப் பார்க்கும் நிபந்தனைதான் ஆபத்து. எடை, போர்ட் எத்தனை, விலை என்ன, இந்த விவரங்களை மட்டும் எழுதி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லு. வீடியோவை அனுப்பாதே. சம்மதிக்காவிட்டால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடு.

பென்னாகரம் போட்டோ ஸ்டூடியோ: திருப்பி அனுப்புவதே நல்லது, வரி விஷயத்திலும். 28,000 ரூபாய் கேமராவை ஒரு கம்பெனி வைத்துக்கொள்ளச் சொன்னது. 2022 ஜூலையிலிருந்து ஒருவரிடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி வந்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தமாம், 2,800 கட்டச் சொன்னார்கள். சோதித்துவிட்டுத் திருப்பியிருந்தால் அது இல்லை.

ஓசூர்க்காரன்: வரி இருக்கட்டும். வீடியோ காட்ட மாட்டேன் என்றால் அடுத்த பொருள் வராது. அதற்கு யாரும் வழி சொல்லவில்லையே.

பாலக்கோடு தம்பி: அக்கா, வீடியோவை அனுப்ப முடியாது என்று இப்போதுதான் மெயில் போட்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிந்த மொபைல் கடை அண்ணன், அதே மாடலை இரண்டு நாளைக்குத் தருகிறேன், கடை பெயரை மட்டும் சொல்லிவிடு என்கிறார். வாங்கிச் சோதிக்கலாமா?

மத்தூர் அக்கா: வாங்கு, கடைச் சரக்கு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் பெயரைச் சொல்வதற்காகத்தான் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. இரண்டு பொருள், இரண்டு அறிவிப்பு.